லோன் சாங்ஷன் மெயிலை எங்கிருந்து படிப்பது?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துக் கொஞ்ச நாளில் வங்கியிலிருந்து ஒரு மெயில் வரும். முதல் வரியிலேயே வாழ்த்து இருக்கும். அடுத்த வரியில் ஒரு பெரிய தொகை. பெரும்பாலானவர்கள் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, வீடு விற்பவருக்கு போன் போட்டு "லோன் ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிடுவார்கள். விற்பவரும் உடனே பத்திரப்பதிவுக்குத் தேதி குறித்துவிடுவார்.

ஆனால் அந்த மெயிலில் 'சாங்ஷன்' என்றுதான் இருக்கும். உங்கள் வருமானத்தையும் பழைய கடன் கணக்கையும் பார்த்துவிட்டோம், கீழே சொல்லியிருப்பதெல்லாம் நடந்தால் இவ்வளவு தருகிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பணம் கைமாறும் கட்டத்துக்கு 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். எவ்வளவு ஆகும் என்பதை அந்தக் 'கீழே சொல்லியிருப்பது'தான் முடிவு செய்யும். அதனால் மெயிலில் முதலில் தேட வேண்டியது 'சப்ஜெக்ட் டு' என்று ஆரம்பிக்கும் வரிகளை.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருச்சியில் ஒரு பழைய தனி வீடு. பேசி முடித்த விலை 48 லட்சம். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. வங்கி 80 சதவீதம் வரை தரும் என்று கிளையில் சொன்னதால், 38 லட்சத்து 40 ஆயிரம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். மெயிலில் வந்திருப்பது 36 லட்சம்.

ஏன் குறைந்தது? 'சப்ஜெக்ட் டு லீகல் அண்ட் டெக்னிக்கல் கிளியரன்ஸ்' என்ற வரியில் பதில் இருக்கிறது. டெக்னிக்கல் என்பது வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து எழுதும் மதிப்பு. நீங்கள் பேசிய விலை, அவர் போட்ட மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் சதவீதம் கணக்காகும். அவர் 45 லட்சம் போட்டிருந்தால் அதில் 80 சதவீதம் 36 லட்சம். இந்த 80 சதவீதமும் கிளை மேனேஜர் சொந்தமாக வைத்த அளவு கிடையாது. கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80, அதற்கும் மேல் என்றால் 75 என்று ரிசர்வ் வங்கியே உச்சவரம்பு வைத்திருக்கிறது. வங்கி இதைவிடக் குறைவாகத் தரலாம், கூடுதலாகத் தர முடியாது. மேனேஜரிடம் எவ்வளவு பேசினாலும் இந்த இடத்தில் பலன் இருக்காது. மதிப்பீட்டில் மாடிப் போர்ஷனையே விட்டுவிட்டார், அளவைத் தப்பாக எழுதிவிட்டார் என்பது போல ஏதாவது இருந்தால் மட்டும் மறுமதிப்பீடு கேட்கலாம்.

ஆக, நீங்கள் நினைத்ததைவிட 2 லட்சத்து 40 ஆயிரம் கூடுதலாகக் கைக்காசு போட வேண்டும். விலையில் கடன் போக நீங்கள் போட வேண்டிய மொத்தக் கைக்காசைத்தான் மெயிலில் 'மார்ஜின்' அல்லது 'ஓன் கான்ட்ரிபியூஷன்' என்று எழுதியிருப்பார்கள். பல வங்கிகள் இந்தப் பணத்தை நீங்கள் விற்பவருக்கு முதலில் கொடுத்து, அதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் ஆதாரம் காட்டிய பிறகுதான் தங்கள் பங்கை விடும். ரொக்கமாகக் கொடுத்த பணத்தை இந்தக் கணக்கில் காட்ட முடியாது.

அடுத்தது லீகல். வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்து ஓர் அபிப்பிராயம் எழுதுவார். அவர் கேட்டவைதான் மெயிலில் 'பென்டிங் டாக்குமென்ட்ஸ்' என்ற தலைப்பில் வரும். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது யார் கையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் உங்கள் கையில் இருப்பவை, ஒரு நாள் வேலை. வில்லங்கச் சான்றிதழை tnreginet.gov.in தளத்தில் நீங்களே பார்த்து எடுத்துவிடலாம். பட்டா நகலும் அப்படித்தான், eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். சிக்கல் எப்போதும் விற்பவர் கையில் இருக்கும் தாளில்தான்.

நம் உதாரணத்தில் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மூலப் பத்திரத்தின் ஒரிஜினல், 30 வருட வில்லங்கம், விற்பவரின் தந்தையின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும், 'ஆல் லீகல் ஏர்ஸ் டு ஜாயின் ஆஸ் வெண்டார்ஸ்', உங்கள் பழைய பர்சனல் லோனுக்கான நோ டியூ சான்றிதழ். ஐந்தும் ஒரே மாதிரி ஒரு வரி வேலையாகத்தான் தெரியும். இதில் நான்காவதுதான் மொத்தக் கதையையும் தீர்மானிக்கப் போகிறது.

என்ன நடந்திருக்கிறது என்றால், அந்த வீடு, விற்பவரின் அப்பா சொந்தமாக வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மகன் அந்த வீட்டிலேயே இருக்கிறார், வீட்டு வரி கட்டுகிறார், மின் இணைப்பும் அவர் பெயரில்தான். ஊரில் எல்லோருக்கும் அது அவர் வீடு. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில்லாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமமாகப் போகும். கல்யாணமாகிப் போன அக்கா தங்கைக்கும் அதே பங்கு. அவர்கள் எல்லோரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அதற்கு முன்பே தங்கள் பங்கை விடுதலைப் பத்திரமாக இவருக்குப் பதிவு செய்து தந்திருக்க வேண்டும். வழக்கறிஞர் கேட்பது இதைத்தான்.

இந்த வரியைப் பார்த்த அன்றே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரா? அது தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டியது, விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிந்து வரவேண்டும். அடுத்தது, அக்கா தங்கை எங்கே இருக்கிறார்கள், பதிவுக்கு வருவார்களா? ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால் அவர் வர வேண்டும், அல்லது அங்கிருந்து முறைப்படி பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் பதிவுத் தேதியை மறந்துவிடுங்கள். உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று மாதக் கெடு, தவறினால் அட்வான்ஸ் போய்விடும் என்று எழுதியிருந்தால், தாமதம் விற்பவர் பக்கத்துத் தாளால்தான் என்பதை எழுத்தில் காட்டிக் கெடுவை நீட்டி வாங்கிக்கொள்வதும் அதே வாரத்தில் செய்ய வேண்டிய வேலை. அட்வான்ஸை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள்.

(வங்கி வழக்கறிஞர் இழுத்தடிக்கிறார் என்று கோபம் வரும். என்னைக் கேட்டால், வீடு வாங்குகிறவருக்கு இந்த மொத்த ஏற்பாட்டில் கிடைக்கும் உருப்படியான நன்மை அந்த லீகல் ஒப்பீனியன்தான். அதில் ஒரு நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.)

பர்சனல் லோன் வரிக்கு வருவோம். அந்தக் கடனை அடைத்தால்தான் உங்கள் மாதத் தவணைச் சுமை வங்கியின் அளவுக்குள் வரும் என்பதால் இந்த நிபந்தனை. பணத்தைக் கட்டியதற்கான ரசீதை அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. கணக்கு முடிக்கப்பட்டது என்ற கடிதம் வேண்டும். இன்னொன்று, சாங்ஷனுக்கும் டிஸ்பர்ஸ்மென்ட்டுக்கும் நடுவில் வங்கி உங்கள் சிபில் அறிக்கையை மறுபடி பார்க்கலாம். அந்த நேரத்தில் புது போனை தவணையில் வாங்கி வைத்தால், ஆபீசரிடமிருந்து ஒரு புது மெயில் வரும்.

சரி, இப்போது கட்டணம். மெயிலில் 'ப்ராசஸிங் ஃபீ 0.35% ப்ளஸ் ஜிஎஸ்டி' என்று இருக்கிறது. சதவீதம் வங்கிக்கு வங்கி மாறும், பண்டிகைச் சலுகையில் சில சமயம் இல்லாமலும் போகும். நம் கணக்கில் 36 லட்சத்துக்கு 12,600 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,268. மொத்தம் 14,868. விண்ணப்பம் கொடுத்தபோதே 'லாகின் ஃபீ' என்று 5,900 ரூபாய் வாங்கியிருந்தார்களா? அது இதில் கழியுமா என்று கேளுங்கள். கழிந்தால் மீதி 8,968தான். கழியாது என்பது சில வங்கிகளின் வழக்கம், ஆனால் கேட்காமலே முழுத் தொகையும் பிடிபட்டு, பிறகு யாரிடம் கேட்பது என்று அலைவதும் நடக்கிறது. பக்கத்தில் 'நான்-ரிஃபண்டபிள்' என்று இருந்தால், லீகல் சரியில்லாமல் கடன் நின்றுபோனாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அதனால் வாரிசு விஷயம் தெளியும்வரை மீதிக் கட்டணத்தைக் கட்டாமல் தள்ளிப் போட முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ப்ராசஸிங் கட்டணம் வங்கியின் கணக்கில்தான் போக வேண்டும், அதற்கு ஜிஎஸ்டியோடு ரசீது உண்டு. ஒரு தனியாளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அப்படிச் சொன்னவர் ஏஜென்டோ ஏமாற்றுக்காரரோ, கிளைக்கு நேரில் போய்க் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அதற்குக் கீழே 'எம்ஓடிடி சார்ஜஸ் ஆஸ் ஆக்சுவல்ஸ்' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். இதைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுவார்கள். பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைக்கிறீர்கள் என்பதற்கான ஆவணம் இது. தமிழ்நாட்டில் இதையும் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், அதிகபட்சம் 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 6,000. நமக்கு 18,000மும் 6,000மும் சேர்த்து 24,000 ரூபாய். ப்ராசஸிங் கட்டணத்தைவிட இது அதிகம், ஆனால் இது வங்கிக்குப் போகவில்லை, அரசுக்குப் போகிறது. இதில் பேரம் கிடையாது.

அப்புறம் இன்ஷூரன்ஸ். மெயிலில் கடன் தொகை 36,85,000 என்று இருந்தால் சந்தோஷப்படாமல் அந்த 85,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருப்பார்கள். அந்தப் பணம் உங்கள் கைக்கும் வராது, வீடு விற்பவருக்கும் போகாது. 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு அதற்கு மட்டும் மாதம் சுமார் 738 ரூபாய் தவணை, கடைசியில் கட்டி முடிப்பது 1 லட்சத்து 77 ஆயிரம். காப்பீடு நல்லதுதான், குடும்பத்துக்கு வேறு பாதுகாப்பு இல்லையென்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை அந்த வங்கி காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பது இல்லை. ஏற்கெனவே டேர்ம் பாலிசி இருந்தால் அதைக் காட்டி, இது வேண்டாம் என்று மெயிலிலேயே எழுதலாம். வீட்டுக் கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீடு வேறு. அதை வங்கிகள் நிபந்தனையாகவே வைக்கும், பிரீமியமும் இதைவிட மிகக் குறைவு.

இந்தக் கட்டணங்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடன் எதுவானாலும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற படிவத்தை வங்கி தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சாங்ஷன் மெயிலோடு அது இணைப்பாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்பதை அது காட்டும். இரண்டு வங்கிகளை ஒப்பிட வேண்டுமானால் வட்டி விகிதத்தைவிட இதை வைத்து ஒப்பிடுவது சரியாக இருக்கும். அந்தப் படிவத்தில் இல்லாத கட்டணத்தை நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பின்னால் வாங்க முடியாது என்பதும் விதி.

இப்போது பதிவு நாளுக்கு முன் எவ்வளவு பணம் தயாராக வேண்டும் என்று கூட்டிவிடலாம். விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் 12 லட்சம். கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 48 லட்சத்துக்கு 4,32,000. அரசு வழிகாட்டி மதிப்பு 48 லட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. இந்தச் செலவு வங்கியின் 80 சதவீதக் கணக்குக்குள் வராது, முழுக்க உங்கள் கைக்காசு. ப்ராசஸிங் மீதி 8,968, அடமானப் பதிவு 24,000, லீகல் மற்றும் மதிப்பீட்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 7,080 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 16,72,048 ரூபாய். கொடுத்த அட்வான்ஸ் 2 லட்சத்தைக் கழித்தால் 14,72,048. பத்திரம் எழுதுபவர் கூலி தனி. மெயிலைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மனதில் இருந்த தொகை பெரும்பாலும் இதைவிட மூன்று லட்சமாவது குறைவாக இருந்திருக்கும்.

மெயிலில் இரண்டு தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சாங்ஷன் எதுவரை செல்லும் என்பது ஒன்று, மூன்று மாதமோ ஆறு மாதமோ இருக்கும். அதற்குள் முடியாவிட்டால் மறுபடி சம்பள ஸ்லிப், மறுபடி சிபில், சில இடங்களில் மறுபடி கட்டணம். மற்றது, வட்டி விகிதம் எந்த நாளுடையது என்பது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைந்த மாறும் வட்டி என்றால் மெயிலில் இருப்பது அன்றைய கணக்கு, பணம் விடும் நாளில் அது மாறியிருக்கலாம். அதற்குள் மாறாமல் இருக்க வேண்டியது ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் 'ஸ்ப்ரெட்'. அந்த எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

மெயிலுக்குப் பதில் எழுதும்போது "ஓகே சார், நோட்டட்" என்று முடித்துவிடாமல், ஆபீசரின் பட்டியலில் உள்ள அதே வரிசையில் எழுதுங்கள். எது இணைப்பில் இருக்கிறது, எது எந்தத் தேதிக்குள் வரும், எது விற்பவரிடமிருந்து வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். கூடவே மூன்று கேள்விகள்: லாகின் ஃபீ கழிந்ததா, இன்ஷூரன்ஸ் நீக்கிய திருத்தப்பட்ட சாங்ஷன் கடிதம் எப்போது வரும், இந்தப் பட்டியலுக்கு மேல் வழக்கறிஞர் வேறு ஏதாவது கேட்டிருக்கிறாரா? போனில் கேட்டால் "ஒன்னும் பிரச்சினை இல்ல சார்" என்று பதில் வரும். மெயிலில் கேட்டால் அவரும் ஃபைலைத் திறந்து பார்த்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். ஆபீசர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவரிடம் காட்டுவதற்கு எழுத்தில் ஒன்று இருக்கும்.

எல்லாம் முடிந்து டிடி தயாராகும் கட்டத்தில் ஒரு விஷயம். டிடி எடுத்த பிறகு பதிவு நான்கு நாள் தள்ளிப்போனால், அந்த நான்கு நாளுக்கும் வட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்துதான் வட்டி போட வேண்டும், சாங்ஷன் நாளிலிருந்தோ, ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாளிலிருந்தோ போடக்கூடாது என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் ஸ்டேட்மென்ட் வந்ததும் ஆரம்பத் தேதியைச் சரிபாருங்கள்.

மெயிலின் கடைசியில் 'போஸ்ட் டிஸ்பர்ஸ்மென்ட்' என்று ஒரு பகுதி மிச்சமிருக்கும். பதிந்த கிரயப் பத்திரத்தின் ஒரிஜினல், உங்கள் பெயரும் அடமானமும் ஏறிய புது வில்லங்கம், பெயர் மாற்றிய பட்டா, இவற்றை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று சொல்லும் பகுதி. வீட்டுக்குக் குடிபோன சந்தோஷத்தில் இது மறந்துபோகும், தவறினால் சில வங்கிகள் அபராதம் போடும். பத்திரங்களை ஒப்படைக்கும்போது எவையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள் என்ற பட்டியலை முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். கடனை முழுதும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி ஒரிஜினல்களைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. எந்தெந்தப் பத்திரம் உள்ளே போனது என்று காட்ட அந்தப் பட்டியல் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும்.